கூடுதல் வாரண்டி வாங்கலாமா? பணம் கட்டும் முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

பொருளைத் தேர்ந்தெடுத்து, விலை பேசி, பில் போடும் நேரத்தில்தான் அந்தக் கேள்வி வரும்: “இன்னும் சில வருடங்களுக்குச் சேர்த்து வாரண்டி போட்டுவிடலாமா?” பெரிய தொகையைக் கொடுக்கத் துணிந்துவிட்ட மனதுக்கு அதன் மேல் ஒரு சிறு தொகை பெரிதாகத் தெரியாது. பின்னால் நிற்பவர்கள் வேறு அவசரப்படுத்துவார்கள். தலையாட்டிவிடுவோம்.

உறவினர்களும் நண்பர்களும் இந்தத் திட்டத் தாள்களை என்னிடம் கொண்டுவந்து காட்டுவது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலோர் பணம் கட்டிய பிறகு வருகிறார்கள். சிலர் கோரிக்கை நிராகரிக்கப்பட்ட பிறகு வருகிறார்கள். எல்லோரும் இடறும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் கணக்கைச் சரியான வரிசையில் போட ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு கடைசிவரை போகிறேன்: முன்பக்கம் கதவு திறக்கும் வாஷிங் மெஷின்.

நாட்டுக்கு நாடு விலை மாறும். ஆகவே இயந்திரத்தின் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். மற்ற தொகைகளையெல்லாம் அந்த 100-இல் எவ்வளவு என்றே சொல்கிறேன். நம் எடுத்துக்காட்டில் விற்பவர் நீட்டும் “5 வருட முழுப் பாதுகாப்பு” திட்டத்தின் விலை 18.

1. முடிவைத் தள்ளிப்போட்டு மூன்று விவரங்களை வாங்குங்கள்

முதலில் வேண்டியது திட்டத்தின் முழு விதிமுறை ஆவணம். வண்ணத் துண்டுப் பிரசுரம் போதாது. அதில் எது சேரும் என்று மட்டும் இருக்கும். எது சேராது என்பது ஆவணத்தின் பின்பக்கங்களில்தான் இருக்கும். இரண்டாவது, தயாரிப்பாளர் தரும் வாரண்டி அட்டை. அதைப் பெட்டியைப் பிரிக்கும் முன்பே தயாரிப்பாளரின் இணையதளத்தில் படிக்கலாம். மூன்றாவது, திட்டத்தை வாங்குவதற்கான கடைசி நாள்.

பலர் கேட்காமல் விடுவது இந்த மூன்றாவது கேள்வியைத்தான். “இன்றைக்கு விட்டால் கிடைக்காது” என்று சொல்லப்படும் திட்டத்தை, ஆவணத்தைப் படித்தால் 30 நாளுக்குள்ளோ தயாரிப்பாளரின் வாரண்டி முடிவதற்குள்ளோ வாங்கலாம் என்று எழுதியிருக்கும். தயாரிப்பாளரே நேரடியாக விற்கும் நீட்டிப்பு என்றால் முதல் வாரண்டி ஓடும் காலம் முழுவதும் அவகாசம் கிடைப்பது உண்டு. அப்படிக் கிடைத்தால் அது பெரிய வசதி. இயந்திரம் இரண்டு வருடம் எப்படி ஓடியது என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாமே!

பிரிட்டனில் வீட்டு மின்சாதனங்களுக்கான கூடுதல் வாரண்டி பற்றி 2005-இல் ஓர் ஆணை வந்தது. விற்பவர் விலையை எழுத்தில் தந்து 30 நாளுக்கு அதே விலையைக் காக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட திட்டத்தை வாங்கியவர், கோரிக்கை எதுவும் வைக்காமல் 45 நாளுக்குள் ரத்துச் செய்தால் முழுப் பணமும் திரும்ப வேண்டும் என்கிறது அது. அவசரத்தில் கையெழுத்து வாங்கப்படுவது எவ்வளவு பரவலாக இருந்திருந்தால் இப்படி ஓர் ஆணை தேவைப்பட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் திட்டத்தில் ரத்துச் செய்யும் காலம் எத்தனை நாள் என்று பாருங்கள். ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவருக்கு அந்தக் காலம்தான் கணக்குப் போட மிஞ்சியிருக்கும் நேரம்.

2. காலத்தைக் கழியுங்கள்

திட்டத்தின் பெயரில் இருக்கும் வருட எண்ணிக்கையை நம்பிக் கணக்கைத் தொடங்குவதுதான் முதல் தவறு. “5 வருடம்” என்பது பொருள் வாங்கிய நாளிலிருந்தா, தயாரிப்பாளரின் வாரண்டி முடிந்த மறுநாளிலிருந்தா?

நம் எடுத்துக்காட்டில் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுகிறது. தயாரிப்பாளர் முழு இயந்திரத்துக்கும் 2 வருட வாரண்டி தருகிறார். அந்த இரண்டு வருடத்தில் பழுது வந்தால் அவர்தான் பார்க்கப்போகிறார். திட்டத்துக்கு வேலையே இல்லை. மிஞ்சுவது 3 வருடம். 18-ஐ 5-ஆல் வகுத்து வருடத்துக்கு 3.6 என்று விற்பவர் சொல்வார். உண்மையில் வருடத்துக்கு 6.

சில நாடுகளில் சட்டமே இன்னும் கொஞ்சம் கழித்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் நுகர்பொருளுக்கு விற்பவர் குறைந்தது 2 வருடம் பொறுப்பாளி. தயாரிப்பாளரின் அட்டையில் 1 வருடம் என்று இருந்தாலும் இந்தப் பொறுப்பு போகாது. உங்கள் நாட்டுச் சட்டம் தரும் காலத்துக்கும் சேர்த்துத் திட்டம் பணம் வாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சில கடன் அட்டைகளும் தயாரிப்பாளரின் வாரண்டியை ஒரு வருடம் நீட்டித் தருகின்றன. அந்த அட்டையில் வாங்கியிருந்தால் அதையும் கழியுங்கள்.

மிஞ்சிய மூன்று வருடம் எந்த மூன்று வருடம் என்பது இன்னும் முக்கியம். மின்சாதனங்களில் பழுது ஒரே சீராக வருவதில்லை. உற்பத்திக் குறை இருந்தால் பெரும்பாலும் முதல் சில மாதங்களில் வெளிப்பட்டுவிடும். அதன் பிறகு நீண்ட அமைதி. பாகங்கள் தேயும் காலம் வந்ததும் பழுதுகள் மீண்டும் பெருகும். பொறியாளர்கள் இதை வரைபடமாகப் போடும்போது குளியல் தொட்டியின் பக்கவாட்டுத் தோற்றம் போல வரும். தொடக்க மேட்டைத் தயாரிப்பாளர் தாங்குகிறார். பின்மேடு பெரும்பாலும் திட்டம் முடிந்த பிறகுதான் வரும். விற்கப்படுவது இடையில் இருக்கும் தாழ்வான பகுதி. விற்பவருக்கு இது தெரியாமல் இல்லை.

3. பணம் தரப்போவது யார்?

கடைப் பெயர் போட்ட உறையில் தாள் வரும். உள்ளே வேறொரு நிறுவனம் நிர்வாகி என்றும், மற்றொன்று காப்பீட்டாளர் என்றும் இருக்கலாம். தயாரிப்பாளரே தரும் நீட்டிப்பு என்றால் அதே சர்வீஸ் சென்டர், அதே உதிரிபாகம், பேச்சு குறைவு. மூன்றாம் தரப்புத் திட்டம் என்றால் பழுது பார்ப்பவர் வேறு, அனுமதி தருபவர் வேறு. மெக்கானிக் வந்து பார்த்து, அறிக்கை எழுதி, அதை யாரோ படித்து ஒப்புதல் தரும்வரை துணிகள் வாளியில் ஊறிக்கொண்டிருக்கும்.

கடையே சொந்தப் பொறுப்பில் தரும் திட்டமாக இருந்து பின்னால் காப்பீட்டாளர் யாரும் இல்லாவிட்டால், கடை மூடப்படும் நாளில் திட்டமும் மூடப்படும். ஆவணத்தில் பொறுப்பேற்கும் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் இல்லை என்றால் இதற்கு மேல் கணக்குப் போட வேண்டியதில்லை. திருப்பிக் கொடுத்துவிடலாம்.

4. சேராதவற்றின் பட்டியலை முதலில் படியுங்கள்

ஆவணத்தைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சேரும் பகுதி “எல்லா இயந்திர, மின் பழுதுகளும்” என்று ஒரே வரியில் முடிந்துவிடும். சேராத பகுதி ஒன்றரைப் பக்கம் ஓடும். ஆனால் பொதுவாகப் படித்தால் ஒன்றும் புரியாது. உங்கள் பொருளில் உண்மையில் எது கெடும் என்று தெரிந்துகொண்டு, ஒவ்வொரு பழுதையும் கையில் பிடித்தபடி அந்தப் பட்டியலில் தேட வேண்டும்.

முன்கதவு வாஷிங் மெஷினில் அடிக்கடி கேட்கும் பழுதுகள் இவை: தண்ணீர் வெளியேற்றும் பம்பு, கதவுப் பூட்டு, கதவைச் சுற்றியுள்ள ரப்பர், கண்ட்ரோல் போர்டு, டிரம்மைத் தாங்கும் பேரிங்.

பம்பு நின்றுவிட்டது என்று மெக்கானிக்கை அழைத்தால், பாதி நேரம் வடிகட்டியில் நாணயமோ கொண்டை ஊசியோ சிக்கியிருக்கும். அது பழுதுக் கணக்கில் வராது. “அயல் பொருள்” என்று எழுதி, வந்து போன கூலியை வாங்கிவிடுவார்கள். பம்பின் மோட்டாரே எரிந்திருந்தால்தான் திட்டம் பேசும்.

கதவு ரப்பர் கிழிவதும் பூசணம் பிடிப்பதும் சாதாரணம். ஏறக்குறைய எல்லாத் திட்டங்களிலும் ரப்பர், பிளாஸ்டிக், கண்ணாடி ஆகியவை சேராத பட்டியலில் முதல் வரியிலேயே இருக்கும். இதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கண்ட்ரோல் போர்டு சேரும். ஆனால் “மின்னழுத்த ஏற்றத்தாழ்வால் வரும் சேதம் சேராது” என்ற வரியும் இருக்கும். பூச்சி, எலி கடித்தது, ஈரம் புகுந்தது என்பவையும் கூடவே வரும். போர்டு கருகியிருந்தால் அது தானாகக் கருகியதா, மின்னழுத்தத்தால் கருகியதா என்பதை மெக்கானிக் எழுதும் ஒரு வரி தீர்மானித்துவிடும். அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள், நகல் வாங்குங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் படிக்காமல் கையெழுத்திட்டார். “மின் இணைப்பில் ஏற்றத்தாழ்வு” என்று தன் கையெழுத்துக்கு மேலே இருந்ததை நிராகரிப்புக் கடிதம் வந்த பிறகுதான் பார்த்தார்.

பேரிங்தான் வில்லங்கமான பழுது. சுழற்சி வேகம் கூடும்போது விமானம் கிளம்புவது போல ஓசை வரும். இயந்திரத்தை நிறுத்தி டிரம்மைக் கையால் சுற்றினால் கரகரவென்று உராயும். விளிம்பைப் பிடித்து மேலே தூக்கினால் ஆடும். பல மாடல்களில் வெளித்தொட்டி ஒட்டிப் பூட்டப்பட்டிருப்பதால் பேரிங்கை மட்டும் மாற்ற முடியாது, தொட்டியையே மாற்ற வேண்டும். இயந்திரத்தில் வரும் பெரிய செலவு அநேகமாக இதுதான். ஆனால் இது “இயல்பான தேய்மானம்” என்ற சொல்லுக்குள் போய்விடுமா?

நம் எடுத்துக்காட்டின் ஆவணத்தில் பேரிங் என்ற சொல்லே இல்லை. இந்த நிலையில் வாய்மொழிப் பதிலால் பயனில்லை. மின்னஞ்சலில் ஒரே கேள்வி அனுப்புங்கள்: “நான்காம் வருடத்தில் டிரம் பேரிங் தேய்ந்து தொட்டியை மாற்ற வேண்டி வந்தால், உதிரிபாகமும் கூலியும் இத்திட்டத்தில் சேருமா?” நமக்கு வந்த பதில்: டிரம் சுழலாமல் நின்றால் சேரும், ஓசை மட்டும் என்றால் சேராது. ஆக, இது பாதிதான் சேர்கிறது.

மோட்டார் பற்றி ஒரு வார்த்தை. “மோட்டாருக்கு 10 வருட வாரண்டி” என்று கொட்டை எழுத்தில் தயாரிப்பாளர் எழுதியிருப்பார். அது பெரும்பாலும் மோட்டார் என்ற பாகத்துக்கு மட்டும். கூலிக்குச் செல்லாது, அதை இயக்கும் போர்டுக்கும் செல்லாது. இருந்தாலும் மோட்டார் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கும் பாதுகாப்பு. கூடுதல் திட்டம் மோட்டாரைக் காக்கும் என்று சொல்லி விற்றால் அந்தப் பகுதிக்கு மதிப்புப் போடாதீர்கள்.

5. உதிரிபாக விலையைக் கேளுங்கள்

பலரும் திட்டத்தின் விலையை இயந்திரத்தின் விலையோடு ஒப்பிடுகிறார்கள். “100 போட்டு வாங்கியதைக் காக்க 18 பெரிதா?” என்று கேட்பார்கள். மூன்று வருடத்தில் இயந்திரம் முழுவதும் போய்விடுவது மிக அரிது. போவது ஒரு பாகம். ஒப்பிட வேண்டியது அந்தப் பாகத்தை மாற்றும் செலவோடு.

இதை ஊகிக்க வேண்டாம். மாடல் எண்ணைச் சொல்லி சர்வீஸ் சென்டரிடமோ, தனியாகப் பழுது பார்க்கும் மெக்கானிக்கிடமோ கேட்டால் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். பாகம், கூலி இரண்டும் சேர்த்துக் கேளுங்கள். நம் எடுத்துக்காட்டில் போர்டு 25, தொட்டியோடு பேரிங் 35, பம்பு 6, கதவுப் பூட்டு 4.

அடுத்து, திட்டம் உங்களிடமே திரும்ப வாங்குவதைக் கழிக்க வேண்டும். ஒவ்வொரு அழைப்புக்கும் வருகைக் கட்டணம் 2 என்று ஆவணம் சொல்கிறது. அப்படியானால் போர்டு பழுதில் திட்டம் உங்களுக்கு மிச்சப்படுத்துவது 23, தொட்டியில் 33, பம்பில் 4, பூட்டில் 2.

உச்சவரம்பையும் பாருங்கள். பல திட்டங்களில் பொருளின் மதிப்பு வருடாவருடம் குறைக்கப்படும். நம் திட்டத்தில் மூன்றாம் வருடம் 70, நான்காம் வருடம் 60, ஐந்தாம் வருடம் 50. பழுது பார்ப்பது கட்டாது என்று அவர்கள் முடிவு செய்தால், ஐந்தாம் வருடத்தில் 50 தந்து முடித்துக்கொள்வார்கள். புது இயந்திரம் வராது. அதோடு திட்டமும் முடிந்துவிடும், மிச்ச மாதங்களுக்குப் பணம் திரும்பாது. “பழுதானால் புதிது” என்று கடையில் கேட்ட வாக்கியத்துக்கும் இந்த அட்டவணைக்கும் உள்ள தூரத்தைப் படித்தவர்களுக்கே தெரியும்.

6. கணக்கை முதலில் தலைகீழாகப் போடுங்கள்

இங்கேதான் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். “பழுது வருமா வராதா, யாருக்குத் தெரியும்?” உண்மைதான், உங்கள் இயந்திரத்துக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பழுதின் வாய்ப்பை முதலில் தேடாதீர்கள். இந்த விலை நியாயமாக இருக்க எத்தனை இயந்திரங்களில் பழுது வந்தாக வேண்டும் என்று கேளுங்கள். அதற்குப் பதில் உங்களிடமே இருக்கிறது.

திட்டத்தின் விலையை, அது மிச்சப்படுத்தும் தொகையால் வகுக்க வேண்டும். போர்டு மட்டும் என்றால் 18-ஐ 23-ஆல் வகுக்க 0.78 வருகிறது. அதாவது 100 இயந்திரங்களில் 78-இல் மூன்று முதல் ஐந்தாம் வருடத்துக்குள் போர்டு போக வேண்டும். அப்போதுதான் கட்டியவர்கள் எல்லோரும் சேர்ந்து போட்ட பணம் திரும்பி வரும். தொட்டிக்கு 18-ஐ 33-ஆல் வகுத்தால் 0.55, இரண்டில் ஒன்றுக்கு மேல் பேரிங் போக வேண்டும், அதுவும் டிரம் சுழலாத அளவுக்கு.

உங்களுக்குத் தெரிந்தவர்களில் இத்தகைய இயந்திரம் வைத்திருக்கும் பத்துப் பேரிடம் கேளுங்கள். எட்டு வீட்டில் ஐந்து வருடத்துக்குள் போர்டு போயிருக்கிறதா? அப்படிப் போகும் மாடல் என்றால் திட்டத்தை விடுங்கள், அந்த இயந்திரத்தையே வாங்கக் கூடாது.

இனி நேர்க்கணக்கு. மெக்கானிக்குகள் இருவரிடம் இந்த மாடலைப் பற்றி விசாரித்து, கொஞ்சம் தாராளமாகவே ஓர் ஊகம் வைப்போம். அந்த மூன்று வருடத்தில் 100-இல் 10 இயந்திரங்களில் போர்டு போகும், 23-ஐ 0.10-ஆல் பெருக்க 2.3. பேரிங் 6 இயந்திரங்களில் போகும், 33-ஐ 0.06-ஆல் பெருக்க ஏறத்தாழ 2, அதில் பாதிதான் ஒப்புக்கொள்ளப்படும் என்பதால் 1. பம்பு, பூட்டு போன்ற சின்னப் பழுதுகள் 25 இயந்திரங்களில். சராசரி மிச்சம் 3, ஆக 0.75. மொத்தம் ஏறத்தாழ 4.

விலை 18, மதிப்பு 4.

ஊகம் தப்பாக இருந்தால்? வாய்ப்புகள் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்குங்கள்: 8. மூன்று மடங்காக்குங்கள்: 12. இன்னும் 18-ஐத் தொடவில்லை. ஊகம் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை என்று நான் சொல்வது இதனால்தான். மூன்று மடங்கு தவறியும் பதில் மாறாவிட்டால் முடிவு உறுதி. இரட்டிப்பாக்கியதுமே மாறினால் மட்டும் இன்னும் நாலு பேரிடம் விசாரிக்க வேண்டும்.

எந்தத் திட்டமும் மதிப்புக்குச் சரியாக விற்கப்படாது. நிர்வாகச் செலவும் விற்பவரின் கமிஷனும் அதற்குள்தான் இருக்கின்றன. திடீர்ச் செலவைத் தாங்க முடியாத குடும்பம் மதிப்பைப் போல ஒன்றரை மடங்கு கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. இங்கே அது 6. பேரத்தில் 18 என்பது 6-க்கு இறங்கினால் வாங்கலாம். 12-க்கு இறங்கியதும் லாபம் என்று நினைத்துவிடக் கூடாது.

7. இதே கணக்கு வேறு பதில் தரும் பொருள்கள்

பெரிய திரைத் தொலைக்காட்சியில் ஒரே ஒரு பாகம், திரைப் பலகை, கிட்டத்தட்ட பொருளின் விலைக்கே வந்துவிடும். பழுது வந்தால் மிச்சமாகும் தொகை 70 என்றும் திட்டத்தின் விலை 7 என்றும் வையுங்கள். பத்தில் ஒன்றில் திரை போனாலே கணக்கு நேராகிவிடும். இங்கே உண்மையாகவே யோசிக்கலாம். ஆனால் திரையில் கோடு விழுவது சேரும், விரிசல் சேராது. குழந்தை எறிந்த பந்துக்கு இந்தத் திட்டம் பதில் சொல்லாது. கோடு விழுந்த திரையின் ஓரத்தில் மயிரிழை விரிசல் இருந்தாலும் கோரிக்கை போய்விடும்.

கைப்பேசித் திட்டம் பெரும்பாலும் வேறு இனம். கீழே விழுந்து உடைவதைச் சேர்த்தால் அது காப்பீடு. அங்கே பாகங்களின் ஆயுளைப் பற்றிப் பேசிப் பயனில்லை, உங்கள் கையைப் பற்றித்தான் பேச வேண்டும். கடந்த ஐந்து வருடத்தில் எத்தனை திரை உடைத்தீர்கள் என்று நேர்மையாக எண்ணினால் வாய்ப்பு கிடைத்துவிடும்.

தொழிலுக்குப் பயன்படும் மடிக்கணினிக்கு, மறுநாளே ஆள் வந்து சரிசெய்யும் திட்டம் என்றால் நீங்கள் வாங்குவது நேரம். ஒரு வாரம் வேலை நின்றால் போகும் வருமானத்தை மிச்சத் தொகையோடு கூட்டிக்கொள்ளுங்கள். பதில் பெரும்பாலும் மாறிவிடும். ஆனால் “வணிகப் பயன்பாடு சேராது” என்ற வரி வீட்டுப் பயன்பாட்டுத் திட்டங்களில் சர்வசாதாரணம். வீட்டில் தையல் தொழில் செய்பவர்கள், விடுதி நடத்துபவர்கள் இந்த வரியில்தான் விழுகிறார்கள்.

8. சர்வீஸ் திட்டம் என்றால் எண்ணிப் பார்த்தாலே போதும்

ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் என்று விற்கப்படுவதைக் கூடுதல் வாரண்டியோடு குழப்பிக்கொள்கிறார்கள். நீர் வடிகட்டிக்கோ குளிர்சாதனத்துக்கோ வருடத்துக்கு இத்தனை முறை சுத்தம் செய்வது, இத்தனை வடிகட்டி மாற்றுவது என்பது வருமா வராதா என்ற கேள்வியே இல்லாத செலவு. வாய்ப்புக் கணக்கு தேவையில்லை. தனித்தனியாகச் செய்தால் ஆகும் செலவைக் கூட்டி, திட்டத்தின் விலையோடு ஒப்பிட்டால் முடிந்தது.

கேட்க வேண்டியவை இரண்டே. உதிரிபாகமும் சேர்ந்ததா, கூலி மட்டுமா? வருகையை நீங்கள்தான் நினைவு வைத்து அழைக்க வேண்டுமா, அவர்களாகவே வருவார்களா? இரண்டாவது சின்ன விஷயம் போலத் தெரியும். நான்கு வருகைக்குப் பணம் கட்டி இரண்டு வருகையோடு வருடத்தை முடித்தவர்கள்தான் அதிகம். எங்கள் வீட்டிலும் ஒரு வருடம் அதுவே நடந்தது. அந்தத் திட்டத்தின் உண்மையான விலை அச்சிட்டதைப் போல இரண்டு மடங்கு.

9. வாங்குவதாக முடிவு செய்தால் அன்றே செய்ய வேண்டியவை

திட்டச் சான்றிதழில் இருக்கும் சீரியல் எண்ணை இயந்திரத்தின் கதவு விளிம்பிலோ பின்பக்கத்திலோ ஒட்டியிருக்கும் எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். கடையில் காட்சிக்கு வைத்த இயந்திரத்தின் எண்ணைப் பதிந்து, கிடங்கிலிருந்து வேறொன்றை அனுப்பிவிடுவது நடக்கிறது. நான்காம் வருடத்தில் இது தெரியவந்தால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பில்லைப் படமெடுத்து வையுங்கள். வெப்பத்தாளில் அச்சான பில் இரண்டு வருடத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். பேரிங் பற்றி வந்த மின்னஞ்சல் பதிலையும் அதோடு சேர்த்து வையுங்கள். திட்டக் காலத்தில் வெளி மெக்கானிக்கைத் திறக்க விடாதீர்கள். அங்கீகாரமற்றவர் திறந்தது என்பது நிராகரிக்கக் கிடைக்கும் எளிய காரணம்.

10. வேண்டாம் என்று முடிவு செய்தால்

18-ஐத் தனியாக எடுத்து வையுங்கள். போர்டு போனால் 25 செலவில் பெரும்பகுதி அதிலேயே இருக்கிறது. பம்பு போனால் மூன்று முறை மாற்றலாம். அதற்கு யாருடைய ஒப்புதலும் வேண்டாம், எந்த மெக்கானிக்கையும் அழைக்கலாம், ஒன்றும் ஆகாவிட்டால் பணம் உங்களுடையது. எடுத்து வைக்காமல் செலவழித்துவிட்டால் மட்டும் இந்த வழி வேலை செய்யாது.

தயாரிப்பாளரின் வாரண்டி முடியும் தேதியைத் தொலைபேசி நாட்காட்டியில் ஒரு மாதம் முன்தள்ளிக் குறித்து வையுங்கள். 23-ஆம் மாதத்தில் அந்த நினைவூட்டல் அடித்ததும் இயந்திரத்தை ஒரு முறை சோதியுங்கள். வெந்நீர் நிலையில் ஒரு சுற்று ஓட்டி, நடுவில் கதவுக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தால் சூடாக்கி வேலை செய்கிறதா என்று தெரியும். காலி டிரம்மோடு அதிகபட்ச வேகத்தில் சுழலவிட்டு ஓசையைக் கேளுங்கள். நின்ற பிறகு டிரம் விளிம்பைத் தூக்கி ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். கீழே தண்ணீர்த் தடம் இருக்கிறதா என்று ஒரு விளக்கை அடித்துப் பாருங்கள்.

ஏதாவது சரியில்லை என்றால் அன்றே புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மெக்கானிக் 25-ஆம் மாதத்தில் வந்து சேர்ந்தாலும், புகார் பதிந்த தேதி வாரண்டிக்குள் இருந்தது என்பதற்கு அந்த எண்தான் சாட்சி.